அமிலத்திலிருந்து கரையும் உப்பு தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்முறை வகுப்பில் பக்கத்தில் நின்று கவனித்தால் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், குழப்பமானவை பின்னால். பெரும்பாலான பதில்களுக்குக் காப்பர் சல்பேட்தான் உதாரணம். தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரிகிற உப்பு அது.

அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பும் தண்ணியும் வரும். அவ்வளவுதானே, இதுல தனியா "முறை" எதுக்கு?

வினை அவ்வளவுதான். ஆனால் வினை முடிந்ததும் முகவையில் இருப்பது உப்பு அல்ல, உப்புக் கரைசல். அதில் மீந்துபோன அமிலமோ காரமோ கலந்திருந்தால், தண்ணீரை ஆவியாக்கும்போது அதுவும் உப்போடு சேர்ந்து கிண்ணத்தில் தங்கிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

அதனால் உப்பு தயாரிப்பதில் வினையை நடத்துவது சின்ன வேலை. மீந்ததை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் பெரிய வேலை. முறைகள் பிரிவதும் அந்த இடத்தில்தான்.

எந்த உப்புக்கு எந்த முறைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். முதலில் தயாரிக்க வேண்டிய உப்பு தண்ணீரில் கரையுமா என்று பாருங்கள். கரையாது என்றால் (உதாரணமாக சில்வர் குளோரைடு, பேரியம் சல்பேட்) இந்தப் பக்கத்தில் உங்களுக்கு வேலை இல்லை. இரண்டு கரைசல்களைக் கலந்து வீழ்படிவாக எடுக்க வேண்டிய உப்பு அது.

உப்பு கரையும் என்றால் அடுத்த கேள்வி: அதைத் தரும் காரம் கரையுமா? காப்பர் ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, மெக்னீசியம் கார்பனேட் போல அது கரையாத பொடி என்றால் அதிர்ஷ்டம். பொடியை வேண்டுமென்றே கூடுதலாகப் போடலாம், மீந்தது அடியில் தங்கும், வடிகட்டி எடுத்துவிடலாம். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளில் இது நடக்காது. அவற்றின் காரங்கள் எல்லாமே கரையும், மீந்தால் கண்ணுக்கும் தெரியாது, வடிதாளிலும் நிற்காது. அங்கே மீதமே இல்லாதபடி துல்லியமாக அளந்து சேர்க்க வேண்டும். அதற்குத்தான் பியூரெட்டை வைத்துத் தரம் பார்க்கிறோம்.

அமிலத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. சல்பேட்டுக்குச் சல்பியூரிக், நைட்ரேட்டுக்கு நைட்ரிக், குளோரைடுக்கு ஹைட்ரோகுளோரிக்.

எது கரையும், எது கரையாதுன்னு ஒரு பட்டியலே இருக்கே, அதை எப்படி நினைவு வச்சுக்கிறது?

இந்த வேலைக்குத் தேவையானது கொஞ்சம்தான். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் எல்லாம் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடுகளில் சில்வரும் லெட்டும் முரண்டு பிடிக்கும். சல்பேட்டுகளில் பேரியமும் லெட்டும் கரையாது, கால்சியம் சல்பேட் மிகக் கொஞ்சமாகக் கரையும். காரங்கள் பக்கம் வந்தால், ஆக்சைடுகளும் கார்பனேட்டுகளும் பெரும்பாலும் கரையாதவை என்று நினைத்துக்கொண்டு, முதலில் சொன்ன மூன்றை விலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பர் சல்பேட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், அளவோட சொல்ல முடியுமா? "கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும்"னா எனக்குப் புரியல.

சரி. 0.5 மோலார் நீர்த்த சல்பியூரிக் அமிலம் 40 மி.லி. எடுங்கள். அதில் இருப்பது 0.02 மோல் அமிலம். CuO + H₂SO₄ → CuSO₄ + H₂O என்பதில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் காப்பர் ஆக்சைடும் 0.02 மோல் தேவை. அதன் மோலார் நிறை 79.5, ஆகவே 1.59 கிராம். நாம் 2 கிராம் எடுப்போம். 0.4 கிராம் மீறும், மீறட்டும்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அமிலத்தை முகவையில் மெல்லச் சூடாக்குங்கள். 60, 70 டிகிரி போதும், கொதிக்க வேண்டாம். குளிர்ந்த அமிலத்தில் இந்த வினை சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக நடக்கும். கறுப்புப் பொடியைச் சிறு கரண்டி நுனியில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். முதலில் போட்டது மறைந்து கரைசல் நீலமாகும். ஒரு கட்டத்துக்கு மேல் போடும் பொடி எவ்வளவு கலக்கினாலும் கறுப்பாகவே நிற்கும். அதற்குப் பிறகும் சில நிமிடம் சூட்டிலேயே வைத்துக் கலக்கிவிட்டு, சூடு ஆறும் முன் வடிகட்டுங்கள்.

தெளிந்த நீல வடிநீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, கொதிநீர் முகவையின் மேல் வைத்து நீராவியில் சுண்ட வையுங்கள். கால் பங்கு அளவுக்குச் சுண்டியதும் கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து வெளியே பிடியுங்கள். குச்சியில் ஒட்டிய துளி ஆறும்போது அதில் சின்னப் படிகங்கள் தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். கிண்ணத்தைத் தளர்வாக மூடி, அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் படிகங்களை எடுத்து, ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டு விட்டு அலசி, உறிஞ்சுதாள்களுக்கு இடையில் ஒற்றி உலர்த்துங்கள். மீதக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். நீரில் வாழ்பவைக்குக் காப்பர் நஞ்சு, அதற்கான கழிவுப் புட்டியில் சேருங்கள்.

கணக்குப் போட்டு 1.59 கிராம்னு தெரிஞ்ச பிறகு எதுக்கு 2 கிராம் போடணும்? சரியா அளந்து போட்டா வடிகட்டற வேலையே மிச்சமாகுமே?

காகிதத்தில் மிச்சமாகும். நடைமுறையில் அமிலப் புட்டியில் 0.5 என்று எழுதியிருப்பது 0.52 ஆக இருக்கலாம், பொடியில் ஈரம் இருக்கலாம், கொஞ்சம் கரண்டியிலேயே ஒட்டியிருக்கலாம். இதில் எது நடந்தாலும் அமிலம் மீந்துவிடும்.

மீந்த சல்பியூரிக் அமிலம் பொல்லாதது. அது தண்ணீரோடு ஆவியாகிப் போகாது. கரைசல் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் படிகங்கள் பிசுபிசுவென்று அமில ஈரத்தோடு இருக்கும், அவற்றை வைத்த உறிஞ்சுதாள் நாளடைவில் கறுத்து நொறுங்கும். பொடி மீந்தால் வடிதாளில் நிற்கும் என்பதோடு கதை முடிந்தது. இரண்டில் ஒன்று மீந்துதான் ஆகும் என்றால், வெளியேற்றத் தெரிந்தது மீறட்டும்.

வினை முடிஞ்சுதான்னு பார்க்க நீல லிட்மஸ் தோய்ச்சேன், சிவப்பாகுது. இன்னும் ஆக்சைடு போட்டும் சிவப்புதான். என்ன தப்பு பண்ணேன்?

ஒரு தப்பும் இல்லை. லிட்மஸ்தான் இங்கே கேட்க வேண்டிய ஆள் இல்லை. காப்பர் சல்பேட் கரைசலே இயல்பில் கொஞ்சம் அமிலத்தன்மை உடையது. காப்பர் அயனியைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் ஒரு சில ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கின்றன, அதனால் கரைசலின் பிஎச் 4 அளவில் இருக்கும். ஒரு துளி அமிலம் கூட மீதமில்லாத சுத்தமான கரைசலும் லிட்மஸைச் சிவப்பாக்கும்.

"நடுநிலையாக்கல்" என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. வீரிய அமிலமும் வீரிய காரமும் சேர்ந்த சோடியம் குளோரைடு போன்ற உப்பு மட்டும்தான் பிஎச் 7ல் வந்து நிற்கும். காப்பர், ஜிங்க், இரும்பு உப்புகளில் அதை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே நம்ப வேண்டிய அடையாளம் ஒன்றே: சூடான கரைசலில், கலக்கிய பிறகும், கரையாமல் நிற்கும் கறுப்புப் பொடி. கார்பனேட் பயன்படுத்தினால் நுரை நின்று, பொடி மீந்து கிடப்பது.

வடிகட்டினதுல பாதி நீலம் தாளிலேயே படிகமா ஒட்டிக்கிச்சு. இன்னொரு தடவை செஞ்சப்போ வடிநீரே கலங்கலா கறுப்பா வந்தது.

முதலாவது, கரைசல் ரொம்பச் செறிவாக இருந்து ஆறியும் போனதால் வந்தது. மேலே சொன்ன அளவில் 40 மி.லி. தண்ணீருக்குள் 5 கிராம் உப்புதான், அது ஆறினாலும் படியாது. கொதிக்க விட்டுத் தண்ணீரைக் கால் பங்காக்கிவிட்டு வடிகட்டினால் இப்படி ஆகும். சூடான தண்ணீர் கொஞ்சம் விட்டால் தாளில் படிந்தது கரைந்து இறங்கிவிடும்.

இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் தாள் கிழிந்தது, அல்லது புனலில் தாளின் விளிம்புக்கு மேல் ஊற்றியது. இன்னொரு தாளில் மறுபடி வடிகட்டுங்கள். கறுப்பு வடிநீரைச் சுண்ட வைத்தால் போய்விடும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். படிகத்துக்குள் கறுப்புப் புள்ளிகளாக உட்கார்ந்துகொள்ளும்.

தண்ணி முழுசா வத்துற வரைக்கும் காய்ச்சினா வேலை சீக்கிரம் முடியுமே. ஏன் பாதியில நிறுத்தி ஒரு நாள் காத்திருக்கணும்?

நமக்கு வேண்டியது CuSO₄·5H₂O. அந்த ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்தின் உடம்பிலேயே இருப்பவை, நீல நிறம் அவற்றால்தான். தண்ணீர் வற்றிய பிறகும் நெருப்பு எரிந்தால் படிக நீரும் கிளம்பத் தொடங்கும். நீலம் வெளுத்து, 200 டிகிரியைத் தாண்டிய இடங்களில் வெள்ளைப் பொடியாகும். இன்னும் பல மடங்கு சூடாக்கினால் உப்பே சிதைந்து, தொடங்கிய இடத்துக்கே, கறுப்பு ஆக்சைடுக்கே, திரும்பிவிடும். அது போக, வற்றும் தறுவாயில் சூடான உப்பு கிண்ணத்திலிருந்து தெறிக்கும். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கும் நேரமும் சரியாக அதுதான்.

வெள்ளையாக்கிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். கிண்ணம் ஆறிய பிறகு தண்ணீர் விட்டால் மீண்டும் நீலமாகிக் கரையும், சுண்ட வைப்பதை மறுபடி தொடங்கலாம். கறுத்துப் போனதற்கு மட்டும் இந்த வழி இல்லை.

பாதியில் நிறுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. அமிலத்தில் வந்த சின்னச் சின்னக் கலப்படங்கள் மிச்சத் தண்ணீரிலேயே தங்கிவிடும், படிகத்துக்குள் அதிகம் வராது. முழுக்க வற்றவைத்தால் எல்லாம் சேர்ந்துதான் கிண்ணத்தில் இருக்கும்.

கணக்குப்படி 5 கிராம் வரணும். எனக்கு 2 கிராம்கூட வரல. மீதி எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை, கிண்ணத்தில் மிஞ்சிய நீலத் தண்ணீரில் இருக்கிறது. 0.02 மோலை 249.7ஆல் பெருக்கினால் 5 கிராம் என்பது சரிதான். ஆனால் 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 32 கிராம் நீலப் படிகத்தைக் கரைத்து வைத்திருக்கும். 10 மி.லி. அளவுக்குச் சுண்டவிட்டு ஆற வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் மட்டுமே 3.2 கிராமைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது 1.8 கிராம். உங்கள் கையில் வந்தது அதுவாகத்தான் இருக்கும்.

8 மி.லி. வரை சுண்டவிட்டால் 2.4 கிராம் கிடைத்திருக்கும். அல்லது கிண்ணத்தைச் சில நாள் அப்படியே விட்டால் தண்ணீர் தானாக ஆவியாக ஆகப் படிகம் கூடும். குறைந்த விளைச்சலுக்கு "சிந்திவிட்டது" என்று அறிக்கையில் எழுதுகிறவர்களே அதிகம். சிந்தியதால் போவதை விட இப்படிக் கரைந்தே இருப்பதுதான் பல மடங்கு.

மாறாக 5 கிராமுக்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். படிகம் உலரவில்லை, அல்லது மீந்த அமிலம் அதில் ஒட்டியிருக்கிறது.

படத்துல பார்க்கிற மாதிரி பெரிய படிகம் வரவே இல்ல, மாவு மாதிரி இருக்கு.

அவசரமாக ஆற வைத்திருப்பீர்கள். குளிர்நீரில் கிண்ணத்தை வைத்தால் ஒரே நேரத்தில் ஆயிரம் இடத்தில் படிகம் தொடங்கும், இருக்கும் உப்பை அத்தனையும் பங்கு போட்டுக்கொள்ளும். மெதுவாக ஆறினால் தொடங்குவது சில இடத்தில்தான், அவை வளரும். கிண்ணத்தை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் தூசி விழுவதும் இதே கெடுதலைச் செய்யும்.

மாவு போல வந்தாலும் அது காப்பர் சல்பேட்தான். அழகு குறைவு, அவ்வளவே.

ஆக்சைடுக்குப் பதிலா கார்பனேட் போடலாமா? எது நல்லது?

போடலாம். சூடாக்கத் தேவையில்லை, நுரை நிற்பது வினை முடிந்ததைச் சொல்லிவிடும். ஆனால் மொத்தமாகக் கொட்டினால் கார்பன் டையாக்சைடு பொங்கி முகவைக்கு வெளியே போகும், அதனால் சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும். காப்பர் கார்பனேட் என்று புட்டியில் எழுதியிருப்பது உண்மையில் CuCO₃·Cu(OH)₂ என்பதும் நினைவிருக்கட்டும். கணக்குக்கு அதன் மோலார் நிறை 221, ஒரு மோலில் இரண்டு காப்பர். மேலே சொன்ன அமிலத்துக்கு 2.2 கிராம் தேவை, 2.6 போடலாம்.

ஒரு பொறி மட்டும் கவனம். கால்சியம் கார்பனேட்டோடு சல்பியூரிக் அமிலத்தைச் சேர்த்தால் முதலில் நுரைக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். வினை முடிந்ததென்று நினைப்பீர்கள். உண்மையில் கால்சியம் சல்பேட் துண்டின் மேல் தோலாகப் படிந்து அமிலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிட்டது. நுரை நின்றால் வினை முடிந்தது என்ற அடையாளம், உருவாகும் உப்பு கரையும்போது மட்டும்தான் செல்லும். லெட் ஆக்சைடு, சல்பியூரிக் அமில ஜோடிக்கும் இதே கதை.

உலோகத்தையே நேரா அமிலத்துல போட்டா என்ன? ஜிங்க் சல்பேட் அப்படித்தானே செய்றாங்க?

ஜிங்க், மெக்னீசியம், இரும்பு ஆகியவற்றுக்குச் சரி. மீந்த உலோகத்தை வடிகட்டிவிடலாம், முறை ஆக்சைடு முறையேதான். ஹைட்ரஜன் வெளிவருவதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. காப்பரைப் போட்டால் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தில் ஒன்றும் நடக்காது, அதனால்தான் அதற்கு ஆக்சைடைத் தேடினோம். சோடியத்தைப் போடுவது கனவிலும் வேண்டாம், வெடித்துச் சிதறும்.

சுத்தமான ஜிங்க் துண்டு அமிலத்தில் சோம்பேறியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று சொட்டு காப்பர் சல்பேட் கரைசல் விட்டால் சுறுசுறுப்பாகிவிடும். ஜிங்க்கின் மேல் காப்பர் படிந்து சின்னச் சின்ன மின்கலங்கள் உருவாவதால் இந்த வேகம். அப்புறம் அந்தக் காப்பர் உப்பில் கலப்படமாகாதா என்று கேட்டால், ஜிங்க் மீந்திருக்கும் வரை ஆகாது. காப்பர் முழுவதும் உலோகமாகப் படிந்து, மீந்த ஜிங்க்கோடு வடிதாளிலேயே நின்றுவிடும்.

சோடியம் குளோரைடுக்கு ஏன் இந்த வழி சரிப்படாது? சோடியம் ஹைட்ராக்சைடை அதிகமா போட்டு வடிகட்டக் கூடாதா?

வடிகட்ட எதுவும் இருக்காது. மீந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைந்து, வடிதாள் வழியே உப்போடு சேர்ந்து இறங்கிவிடும். அதனால் 25 மி.லி. காரத்தைப் பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இறக்குகிறோம். இளஞ்சிவப்பு ஒரே சொட்டில் மறையும் இடத்தில் அளவைக் குறித்துக்கொள்கிறோம், உதாரணத்துக்கு 24.3 மி.லி. ஒரே அளவு இரண்டு முறை வரும் வரை திரும்பச் செய்கிறோம்.

இது வெறும் அளவெடுப்பு. உப்பு தயாராவது இதற்கு அடுத்த சுற்றில். புதிதாக 25 மி.லி. காரம், சரியாக 24.3 மி.லி. அமிலம், நிறங்காட்டி இல்லாமல். காரம் 1 மோலார் என்றால் கிடைக்க வேண்டிய உப்பு 1.46 கிராம்.

நிறங்காட்டி போட்ட கரைசல் கையிலேயே இருக்கே, அதை ஏன் வீணாக்கணும்?

நிறம் மறைந்தாலும் பினாப்தலீன் அங்கேயேதான் இருக்கிறது, உப்போடு சேர்ந்து கிண்ணத்தில் தங்கும். மீண்டும் எடுக்க மனமில்லை என்றால், தூளாக்கிய செயலூட்டிய கரி ஒரு கரண்டி போட்டுச் சூடாக்கி வடிகட்டலாம். கரி நிறங்காட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பாட்டுக்கு இன்னொரு 25 மி.லி. எடுப்பதே எளிது.

எண்ணிக்கை ஒரு சொட்டு பிசகினால் எந்தப் பக்கம் பிசகலாம்? குளோரைடு என்றால் அமிலப் பக்கம். ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாக்கும்போது தண்ணீரோடு வெளியேறிவிடும், காரம் வெளியேறாது. சோடியம் சல்பேட்டில் இந்தச் சலுகை கிடையாது.

சோடியம் குளோரைடு கரைசலைச் சுண்ட வச்சு ஆற வச்சேன், ஒரு நாள் ஆகியும் ஒண்ணும் வரல. தப்பா செஞ்சேனா?

முறையைத் தப்பாகச் சேர்த்திருக்கிறீர்கள். ஆற வைத்துப் படிகம் எடுப்பது, சூட்டில் நிறையவும் குளிரில் குறைவாகவும் கரையும் உப்புக்குத்தான். சோடியம் குளோரைடு 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் கரையும், கொதிநிலையில் வெறும் 39. ஆற வைத்தால் வெளியே வருவது மிகச் சொற்பம். படிக நீரும் அதற்கு இல்லை, ஆகவே தண்ணீரை முழுக்க ஆவியாக்கினாலும் கெட்டுப்போகாது. தெறிக்காமல் கடைசியில் நெருப்பைக் குறைத்தால் போதும்.

இதே தரம் பார்க்கும் முறையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நைட்ரிக் அமிலமும் சேர்த்தால் பொட்டாசியம் நைட்ரேட் கிடைக்கும். அது 20 டிகிரியில் 32 கிராம் அளவு, கொதிநிலையில் 240க்கும் மேல் கரையும். அதை ஆற வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே உப்பை எப்படி உருவாக்குவது என்பதும், கரைசலிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பதும் தனித்தனி முடிவுகள்.

ஒரே சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரே சல்பியூரிக் அமிலம். ஒரு தடவை Na₂SO₄, இன்னொரு தடவை NaHSO₄ன்னு எழுதறாங்க. எது சரி?

இரண்டும். சல்பியூரிக் அமிலம் இரண்டு ஹைட்ரஜன் தரவல்லது. இரண்டும் 1 மோலார் கரைசல்கள் என்று வைத்துக்கொண்டால், 25 மி.லி. காரத்துக்கு 12.5 மி.லி. அமிலத்தில் நிறங்காட்டி மாறும். அந்த விகிதத்தில் வருவது சோடியம் சல்பேட். அதே 25 மி.லி. காரத்தோடு 25 மி.லி. அமிலத்தைச் சேர்த்துப் படிகமாக்கினால் சோடியம் ஹைட்ரஜன் சல்பேட்.

இரண்டாவதை நிறங்காட்டியால் நேரடியாகப் பிடிக்க முடியாது. முதல் அளவைத் தரம் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, அமிலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். முந்தைய பதிலில் சல்பேட்டுக்குச் சலுகை இல்லை என்றது இதனால்தான்: அமிலம் கொஞ்சம் மீந்தால் அது போகாமல் இந்த உப்பாக மாறி உள்ளே இருந்துவிடும்.

அம்மோனியம் சல்பேட்டுக்கும் பினாப்தலீன்தானா? சூடாக்கி உலர்த்தலாமா?

பினாப்தலீன் வேண்டாம். அம்மோனியா வீரியம் குறைந்த காரம், முடிவு நிலை அமிலப் பக்கம் தள்ளி வரும். மெத்தில் ஆரஞ்சுதான் அங்கே சரியாக மாறும். இந்த உப்பில் மட்டும் ஒரு வசதி: அம்மோனியா கொஞ்சம் மீறினாலும் கவலையில்லை, கரைசலைச் சூடாக்கும்போது வாயுவாக வெளியேறிவிடும். காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

வற்றவைத்து உலர்த்துவது கூடாது. அம்மோனியம் உப்புகள் சூட்டில் சிதையும். அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கி உலர்த்துவது வெடிப்பில் முடியக்கூடியது, அதை வகுப்பறையில் தயாரிக்கவே வேண்டாம். சல்பேட்டை நீராவிச் சூட்டில் சுண்டவைத்து ஆற விடுங்கள்.

இரும்பு சல்பேட் மட்டும் வெளிர் பச்சையா வராம பழுப்பாயிடுது. காப்பர் மாதிரியேதான் செஞ்சேன்.

காப்பர் மாதிரியே செய்ததால்தான். கரைசலில் உள்ள இரும்பு(II) அயனி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு(III) ஆகிறது, பழுப்பு அதன் நிறம். இரும்புத் தூள் மீந்து கிடக்கும் வரை அது காவல் காக்கும். உருவாகும் இரும்பு(III)ஐ மறுபடி இரும்பு(II) ஆக்கிவிடும். வடிகட்டிய நொடியில் காவல் போய்விடுகிறது. ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பழுப்பு நிச்சயம்.

அதனால் வினை முடியும் வரை இரும்பு மீந்திருக்கட்டும். சூடாக வேகமாக வடிகட்டுங்கள். வடிநீரில் நீர்த்த சல்பியூரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். அமிலம் மீறவே கூடாது என்று மேலே சொன்னதற்கு எதிர் என்று தோன்றும், ஆனால் இங்கே அந்தச் சில சொட்டுதான் பழுப்பாவதையும் கலங்குவதையும் தள்ளிப்போடுகிறது. பெரிய படிகத்துக்கு ஆசைப்படாமல் கிண்ணத்தைக் குளிர்நீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி, வந்த சிறு பச்சைப் படிகங்களைக் குளிர்ந்த எத்தனால் கொஞ்சம் விட்டு அலசினால் மீந்த அமிலம் போய்விடும். உடனே ஒற்றி உலர்த்தி, இறுக்கமான மூடியுள்ள புட்டியில் போட்டுவிடுங்கள்.